வேம்புலி பார்த்த டியூப்லைட்

அம்பத்தூர் ஒரகடத்தில் வேம்புலியைத் தெரியாதவர்கள், வீட்டில் இன்னும் ஒழுங்காக விளக்கு எரிகிற பாக்கியசாலிகள். முப்பது வருடமாக அவர் எலெக்ட்ரீஷியன். சட்டைப்பையில் டெஸ்டர், காதிடுக்கில் பென்சில், எந்த விளக்கு கெட்டாலும் ஒரே தீர்ப்பு: "டியூப் பூட்சு." திறந்து பார்ப்பதெல்லாம் அனுபவம் இல்லாதவர்கள் செய்கிற வேலை என்பது அவர் கட்சி.

பேபியின் தையல் கடை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தது. ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் இரண்டு டியூப்லைட் எரிந்தாக வேண்டும். ஒன்று துணி வெட்டும் மேசைக்கு மேலே, இன்னொன்று தையல் மெஷினுக்கு மேலே. மெஷினுக்கு மேலே இருந்ததுதான் ஒருநாள் விட்டு விட்டு எரிந்து கண்ணடிக்க ஆரம்பித்தது.

வேம்புலி வந்தார். ஸ்டூல் மேல் ஏறி டியூபைப் பிடித்து ஒரு திருகு திருகினார். நின்று எரிந்தது.

"கை ராசி பாத்தியா, தங்கச்சி?"

அவர் சந்து முனையைத் தாண்டுவதற்குள் கை ராசி தீர்ந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டதும் வழக்கமான தீர்ப்பைச் சொல்லி, புது டியூப் மாட்டினார். இரண்டு நாள் ஒழுங்காக எரிந்து, பிறகு அதுவும் கண்ணடித்தது. மாதம் முடிவதற்குள் அதன் இரண்டு முனையும் அடுப்பில் வைத்த பாத்திரம் போலக் கறுத்துவிட்டன.

"புது டியூப் இவ்ளோ சீக்கிரம் கறுக்குமா, அண்ணாத்தே? மேசை மேல கீறது ரெண்டு வருசமா எரியுது. அது இன்னும் வெள்ளையாத்தான் கீது."

"இப்போ வர்ற சரக்கு அப்டி. கரண்டும் சரியில்ல." கரண்ட் பக்கத்து விளக்குக்கு மட்டும் எப்படிச் சரியாக வருகிறது என்பதை அவர் விளக்கவில்லை. மேதைகள் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இதற்கிடையில் அவர் மகள் கனிமொழிக்கு நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் ஆவடி குவார்ட்டர்ஸ்காரர்கள். அவர்கள் முன்னால் எடுப்பாக நிற்க, கருநீலத்தில் பளபளக்கும் பேன்ட் துணி வாங்கிப் பேபியிடம் கொடுத்தார். அவளும் கண்ணடிக்கிற விளக்குக்குக் கீழே, கண்ணில் நீர் வழிய வழியத் தைத்து முடித்தாள்.

நிச்சயத்துக்கு முந்தைய நாள் காலை வேம்புலி கடையிலேயே பேன்ட்டைப் போட்டுப் பார்த்தார். இடுப்பு கச்சிதம். பெருமையாகச் சந்தில் வெயிலுக்கு வந்தார். எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த சரசா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வலது கால் பளபளத்தது. இடது கால் மங்கிக் கிடந்தது. ஒரு காலுக்குத் துணியின் உள்பக்கம் வெளியே வந்திருந்தது.

"இன்னாம்மா இது? ஒரு காலு கல்யாணத்துக்குப் போவுது, ஒரு காலு எழவுக்குப் போவுது!"

பேபிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இத்தனை வருடத்தில் துணியின் நல்ல பக்கத்தை அவள் மாற்றித் தைத்ததில்லை. அவரைக் கடைக்குள் இழுத்து வந்து, மெஷினுக்கு மேலே கையைக் காட்டினாள்.

"ஒன் லைட்டுக்குக் கீழ ஒக்காந்து நீயே தெச்சுப் பாரேன்! துணியா தெரியுது? சினிமா ரீல் மாதிரி ஓடுது!"

வேம்புலி முதல் முறையாகக் கவனித்து மேலே பார்த்தார்.

"அந்த டியூப இதுல மாட்டு, இத அதுல மாட்டு," என்றாள் பேபி.

மறுத்துப் பேச, போட்டிருந்த பேன்ட் இடம் கொடுக்கவில்லை. சுவிட்சுகளை அணைத்து, இரண்டு டியூபையும் கழற்றி மாற்றி மாட்டினார். சுவிட்சைப் போட்டதும், முனை கறுத்த டியூப் மேசைக்கு மேலே அமைதியாக எரிந்தது. இரண்டு வருடம் ஒழுங்காக எரிந்த டியூப் மெஷினுக்கு மேலே போனதும் கண்ணடித்தது.

"டியூப் இல்ல," என்றார் வேம்புலி. ஏதோ துக்கச் செய்தி போல இருந்தது குரல். "சோக்கு."

மெயினை அணைத்து, சற்றுப் பொறுத்து, டியூப் மாட்டியிருந்த பட்டியைத் திறந்து, டியூபுக்குக் கரண்டை அளந்து கொடுக்கிற எலெக்ட்ரானிக் சோக்கை வெளியே எடுத்தார். மூடியைக் கழற்றினால், கப்பாசிட்டர் ஒன்று கெட்டுப்போய்த் தலை உப்பி உட்கார்ந்திருந்தது. கண்ணடிக்கும் ஒவ்வொரு முறையும் விளக்கு முதலிலிருந்து எரியத் தொடங்க வேண்டும். அந்த அடியை வாங்கித்தான் புது டியூபின் முனைகள் அவ்வளவு சீக்கிரம் கறுத்திருந்தன.

டியூபுக்கு ஏற்ற வாட்ஸில் புது சோக்கு வந்தது. டியூபின் முனைக்கு இரண்டாக நான்கு ஒயர்களையும் பழையபடியே பார்த்து இணைத்தார். விளக்கு அசையாமல் எரிந்தது. பேபி அதன் கீழே உட்கார்ந்து இடது காலைப் பிரித்தாள். மிச்சமிருந்த துணியில் புதிதாக ஒரு கால் வெட்டி, மத்தியானத்துக்குள் தைத்து முடித்தாள்.

நிச்சயத்தில் வேம்புலியின் இரண்டு காலும் ஒரே மாதிரி பளபளத்தன. பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா தன் வீட்டு டியூப்லைட் எரியவே மாட்டேன் என்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். வேம்புலி பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்பந்தி, மொதல்ல வேற ஒரு நல்ல டியூப மாட்டிப் பாக்கணும். சில பேரு பாக்காமயே டியூப் பூட்சுன்னு சொல்லுவானுங்க. அவனுங்கள மட்டும் ஊட்டுக்குள்ள உட்றாதீங்க."

பக்கத்து இலையில் இருந்த பேபிக்குப் புரையேறியது.