சுருக்கமா, ஆனா எல்லாம் வேணும்

மருத்துவமனையில் நோயாளிகளின் கைபேசிக்குப் போகும் செய்திகளைப் பதினோரு வருடமாக எழுதுகிற அக்காவுக்கு, மேலாளரின் உத்தரவு மதியம் வந்தது. நாளை காலை ரத்தப் பரிசோதனைக்கு வருபவர்கள் வெறும் வயிற்றில் வரவேண்டும். 'கௌரவமா இருக்கணும், ஆனா பக்கத்து வீட்டுக்காரர் பேசுற மாதிரி. சுருக்கமா, ஆனா ஒண்ணும் விடாம.' போன வாரம் ஒன்பது பேர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து திரும்பிப் போனார்கள். இந்த முறையும் அப்படியானால் எழுத்து வேலை வெளியாளுக்கு என்று சொல்லியாகிவிட்டது.

முதலில் கௌரவமாக எழுதினாள்.

"என்னம்மா இது, கோர்ட் நோட்டீஸா?"

சகஜமாக எழுதினாள்.

"இவ்வளவு உரிமையா? நோயாளிங்க என்ன உங்க மச்சானா?"

விவரமாக எழுதினாள், யார் படிப்பார்கள் என்றார். சுருக்கினாள், மாடி எண் எங்கே, வண்டி எங்கே நிறுத்துவது என்றார்.

"நாலையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டச் சொன்னா கூழ்தான் வரும் சார்," என்றாள். சார் அதற்குள் போய்விட்டிருந்தார்.

தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு, நான்கும் ஒரே இடத்துக்குச் சண்டை போடவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கௌரவம் ஆளை அழைப்பதில் இருந்தால் போதும். சகஜம் சொற்களில் இருக்கட்டும். சாப்பாட்டைத் தவறவிட்டால் ஆள் திரும்பிப் போகவேண்டும்; மாடியைத் தவறவிட்டால் வாசலில் கேட்டுக்கொள்ளலாம். ஆகவே இன்றிரவு வீட்டில் செய்யவேண்டியதில் ஒன்றும் விடக்கூடாது. மற்றது வரவேற்பறைத் தாளுக்கு.

'வணக்கம். நாளை காலை ஏழு மணிக்கு உங்களுக்கு ரத்தப் பரிசோதனை. இன்றிரவு எட்டு மணிக்கு மேல் சாப்பிட வேண்டாம். காபி, டீயும் வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் இன்றே எங்களை அழையுங்கள்.'

மேலாளர் படித்தார். "இதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்!"

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினாள்.

காலையில் வந்த இருபத்துமூன்று பேரில் இருபத்திரண்டு பேர் வெறும் வயிறு. மிச்சம் ஒருவர் ஏப்பம் விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அக்கா அவரிடம் போனாள்.

"எங்க செய்தி வரலையாய்யா?"

"உங்களுது வரலம்மா. நம்பர் எழுதும்போது மாப்பிள்ளை நம்பரைத்தானே குடுத்தேன். அவர் அதுல நாலு நல்ல வார்த்தை சேர்த்து, மாடி, வண்டி எல்லாம் போட்டு அனுப்பினார். நல்ல நீளம். காலையில படிச்சு முடிக்கிறதுக்குள்ள சாப்பிடக் கூப்பிட்டுட்டாங்க."

"மாப்பிள்ளை எங்க வேலை பாக்குறார்?"

பெரியவர் மேலாளரின் அறைக் கதவைக் காட்டினார்.

வெளியாள் பேச்சு அன்றோடு நின்றது. திட்டுவதற்கு அன்று மேலாளருக்கு நேரமில்லை. மாமனாரை வீட்டில் கொண்டுபோய் விடவேண்டியிருந்தது.