சம்மட்டியாரின் அகலக் குட்டை

சம்மட்டியார் கையெழுத்துப் போடக் கற்றதே நாற்பது வயதில்தான். கல்குவாரியில் சம்மட்டி பிடித்த கையால் சரிவுநிலம் வாங்கி, கொய்யாக் கன்று நட்டு, தம்பியையும் படிக்க வைத்தவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரைப் போல் உழைத்தவர் கிடையாது. சந்தேகமிருந்தால் அவரையே கேட்கலாம்.

அப்படிப்பட்டவர் வயிற்றில் தம்பியின் பண்ணைக்குட்டை நெருப்பை மூட்டியது. சின்னவன் வேளாண்மை அலுவலகத்துப் பொறியாளரம்மாவைக் கூட்டி வந்து, தன் மேட்டில் மழை வழிந்துவரும் பரப்பை அளந்து, அதற்கேற்பப் பத்தடி ஆழத்தில் ஒரு குட்டை வெட்டினான். அக்கம்பக்கத்து விவசாயிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சம்மட்டியார் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று அத்தனை பேரையும் எண்ணினார்.

"என்னவோ கிணத்துக்குத் தலைய வெட்டி விட்டாப்ல இருக்கு," என்றார் மனைவியிடம். "நான் வெட்டுறேன் பாரு, ரோட்டுல போறவன் வண்டிய நிறுத்திப் பார்ப்பான்."

"ரோட்டுல போறவனா கொய்யாவுக்குத் தண்ணி பாய்ச்சப் போறான்?" என்றாள் அவள்.

ஆழம் யார் கண்ணுக்குத் தெரியும்? அதனால் தம்பியுடையதைப் போல் இரண்டு மடங்கு அகலம், பாதி ஆழம் என்று வெட்டினார். அவ்வளவு பெரிய குட்டைக்குத் தன் மேட்டுத் தண்ணீர் பற்றாது என்று தோன்றவே, உச்சி வரப்பை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, தம்பி பங்கு மழையில் ஒரு பகுதியைத் தன்பக்கம் திருப்பிவிட்டார். அந்தப் பருவத்தில் அவர் குட்டை கரை தொட நிரம்பியது. சின்னவனுடையது எட்டடியோடு நின்றது. வண்டிகளும் நின்றன. சம்மட்டியாருக்கு இரவுச் சாப்பாடு இரட்டிப்பாக இறங்கியது.

வெயில் வந்தது. பாய்ச்சியது கொஞ்சம்; குறைந்தது நிறைய. கோடை பாதி தாண்டவில்லை, நடுவில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. வேலிக்கு அப்பால் சின்னவன் குட்டையிலோ ஆள் முங்கும் தண்ணீர். இவர் கொய்யாக் கன்றுகள் இலை சுருண்டு நின்றன. வாரக்கணக்கில் தாங்காது.

"என் தண்ணி பூமிக்கடியில அவன் குழிக்குப் போகுது," என்று முடிவே கட்டிவிட்டார். பொறியாளரம்மாவை வழிமறித்து, "உங்க வேலதானே இது? அண்ணன் ரத்தத்த உறிஞ்சுற அட்டை மாதிரி வெட்டிக் குடுத்திருக்கீங்க," என்றார்.

பொறியாளரம்மா சண்டை பிடிக்கவில்லை. "சோதிச்சுப் பார்த்துடலாம் ஐயா. ரெண்டு வாளி குடுங்க," என்றார்.

வாளிகளில் நீர் நிரப்பி, இரண்டு குட்டையிலும் கரையோரத்தில் ஒவ்வொன்றாக, வாய் வெளியே தெரிய அசையாமல் நிறுத்தினார். அந்த வாரம் யாரும் பாய்ச்சக் கூடாது என்றார். வாரம் முடிந்து அளவுகோலோடு வந்தார்.

"வாளிக்குள்ள குறைஞ்சது வெயில் குடிச்சது. வாளிக்கு வெளிய அதைவிட அதிகமா குறைஞ்சது மண்ணு குடிச்சது. ரெண்டு குட்டையிலயும் ஒரே அளவுதான் குறைஞ்சிருக்கு. இந்தக் கணக்குல மாசத்துக்கு ஒரு அடி. உங்க தண்ணி அங்க போயிருந்தா, அங்க மட்டம் குறையாம இருக்கணும்ல?"

"அப்ப எனக்கு மட்டும் ஏன் வத்துது?"

"உங்களுக்கு அஞ்சடி, அவருக்குப் பத்தடி. ரெண்டும் மாசம் ஒரு அடி இழக்குது. அதுலயும் உங்களுது ரெண்டு மடங்கு அகலம், அதே ஒரு அடியில ரெண்டு பங்கு தண்ணி போகுது. வெயிலுக்குப் பந்தி போட்ட மாதிரி. மழையில மேட்டுல விழற எல்லாமும் வழிஞ்சு வராது ஐயா, நூத்துக்குப் பதினஞ்சு பங்கு வந்தாலே பெருசு. வர்றதுக்குத் தக்க குழி, குழியும் ஆழமா இருக்கணும்."

திருப்பி எடுத்துவந்த தண்ணீரும் ஆகாயத்துக்குத்தான் போயிருக்கிறது. சம்மட்டியார் வாளியையே பார்த்தார்.

சின்னவன் வேலியோரம் வந்து நின்றான். "அண்ணே, என் குட்டையிலேருந்து ஓஸ் குழாய் போடுறேன். கன்னு காயுது."

"எட்டடிதானே இருந்துச்சு உனக்கு. உனக்குப் பத்துமா?"

"எட்டடிதான்," என்றான் அவன். உச்சி வரப்பை நோக்கி ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வை சம்மட்டியை விடக் கனத்தது.

சம்மட்டியார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேடேறினார். வியர்வை சொட்டச் சொட்ட வரப்பைப் பழைய மட்டத்துக்கு வெட்டித் தள்ளினார். இறங்கி வந்து, "ஓஸப் போடுடா," என்றார். பிறகு பொறியாளரம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அவனுக்குப் பத்தடியா? எனக்குப் பதினொண்ணு."

"போடலாம் ஐயா. ஆனா அகலத்தப் பாதிக்குமேல மண்ணு போட்டு மூடணும். ரோட்டுலேருந்து தெரியாது."

சம்மட்டியார் ரோட்டைப் பார்த்தார், தம்பியின் தண்ணீரைப் பார்த்தார். ஓஸ் வாயிலிருந்து முதல் கன்றின் காலடியில் நீர் கொட்டத் தொடங்கியது.

"மூடுங்க," என்றார். "பதினொண்ணுங்கிறத மட்டும் அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."