பீரோவின் நடுத்தட்டு

மைதீன் பாத்திமா லாத்தா என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினால், வழக்கமாக ரவிக்கை இறுக்கமாகிப்போயிருக்கும், இல்லையென்றால் பேச ஆள் இல்லாமல் போயிருக்கும். மூன்று வீடு தள்ளி முன்னறையில் தையல் மிஷின் போட்டிருப்பவள் நான். இரண்டுக்கும் நான்தான் பக்கத்தில் இருக்கிறேன். கூடப் பிறக்காவிட்டாலும் அக்கா முறை, அதனால் எனக்கு லாத்தா.

அன்றைக்குப் போனபோது பீரோ கதவு இரண்டும் திறந்து கிடந்தன. பத்தமடைப் பாயை விரித்து, துணியை மலையாகக் கொட்டிவைத்து, நடுவில் லாத்தா உட்கார்ந்திருந்தாள். மேலப்பாளையத்தில் பெருநாளுக்குக்கூட இப்படி யாரும் வீட்டைப் புரட்டிப் போடுவதில்லை.

எல்லாம் மகள் நஸீமாவின் உத்தரவு. அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். இந்தச் சனி ஞாயிறு வந்து வேண்டாத சாமானையெல்லாம் ஒழித்துக்கட்டப் போகிறாளாம். அதற்கு முன்னால் உம்மா துணிகளை நாலு கும்பலாகப் பிரிக்க வேண்டும்: வைத்துக்கொள்வது, கொடுப்பது, தைத்துச் சரிசெய்வது, கழிப்பது. ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு பட்டியல் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் சனிக்கிழமை முழுக்க ஒவ்வொரு சேலைக்கும் ஒரு கதை கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான் என்று சொன்னாளாம். பிள்ளை சொன்னது நியாயம்தான். லாத்தாவின் கதைகள் எனக்கே மனப்பாடம்.

இத்தனை அவசரத்துக்கும் உண்மையான காரணம் வேறு. லாத்தாவின் புருஷன் காஜா முகைதீன் மச்சான் சவூதியில், தம்மாமில் ஒரு பெரிய கடையில் கிடங்கு பார்க்கிறார். கல்யாணமான மறுவருஷம் போனவர், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து போவார். இந்த ஹஜ் பெருநாளுக்கு முன்னால் கணக்கை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். லாத்தா இதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், மீன்காரரைக்கூட விடவில்லை. வந்து நிரந்தரமாக இருக்கப்போகிற மனுஷனுக்கு பீரோவில் ஒழுங்காக ஓர் இடம் வேண்டாமா?

தைக்கிற கும்பலை நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் ஒன்றும் சிரமமில்லை. பித்தான் விட்டது, ஓரம் பிரிந்தது, ஜிப் கெட்டது எல்லாம் என் கூடைக்குப் போயின. ரப்பர் செத்த உள்பாவாடைக்கு வேறு ரப்பர் கோக்கலாம், ஆனால் துணியும் நைந்திருந்ததால் கழிக்கச் சொன்னேன். மடிப்பு மாற்றாமலே வருஷக்கணக்காக வைத்திருந்த ஒரு பட்டுச்சேலை, எடுத்து உதறும்போதே மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. அதைத் தைத்தால் ஊசி போன இடமெல்லாம் பக்கத்து இழையும் விடும். ஒன்றும் செய்வதற்கில்லை என்றேன். லாத்தா அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கழிக்கிற பக்கம் வைத்தாள்.

கொடுப்பதற்கு நஸீமா ஒரு சட்டம் சொல்லியிருந்தாள். ஒரு வருஷமாகப் போடாத துணி எதுவானாலும், யோசிக்காமல் கொடுக்கிற கும்பலில் போட்டுவிட வேண்டும். அறக்கட்டளைக்காரர்கள் வந்து எடுத்துப்போய் கங்கைகொண்டானில் வேலை பார்க்கிற வடக்கத்திக் குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள். துவைத்து மடித்த நல்ல துணியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லாத்தா முதலில் தன் துணிக்கே அந்தச் சட்டத்தைப் போட்டாள். வீட்டில் கட்டுகிற நூல்சேலைகளும் நைட்டிகளும் தப்பித்தன. நல்ல சேலைகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியாக எப்போது கட்டினாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மச்சான் லீவில் இருந்தபோது, மச்சான் லீவில் இருந்தபோது என்றே பதில் வந்தது. அவர் இல்லாதபோது கல்யாண வீட்டுக்குக்கூட லாத்தா போவதில்லை, நாத்தனார் கையில் மொய் கொடுத்துவிடுவாள். என்ன பொம்பளை இவள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. 

அடுத்து நடுத்தட்டு. அது முழுக்க மச்சானுடையது. சட்டை, பேன்ட், சங்கு மார்க் போட்ட புதுக் கைலிகள், நாப்தலின் உருண்டை வாசனை. ஒரு வருஷச் சட்டத்தைப் போட்டால் தட்டு மொத்தமும் காலி. வருஷம் முழுக்க ஊரிலேயே இல்லாத மனுஷன் எந்தச் சட்டையைப் போட்டிருப்பார்? சாயங்காலமானால் வீடு திரும்புகிற ஆம்பிளைகளுக்காக யாரோ எழுதிய சட்டம் அது. மச்சான் துணிக்கு இது செல்லாது, எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்றேன்.

லாத்தா கேட்கவில்லை. உடம்புக்குப் பத்துகிறதை மட்டும் வைப்போம் என்றாள். எது பத்தும் என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வீடியோவில் முகமும் கழுத்தும்தான் வரும், வயிறு வராது.

சாயங்காலம் மஃரிபு தொழுதுவிட்டு மச்சானைக் கூப்பிட்டாள். போனைத் தகரச் சம்படத்தில் சாய்த்துவைத்து, சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள். மச்சான் கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப இளைத்துத் தெரிந்தார். சரி, சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர், வெளிர்நீலச் சட்டை வந்ததும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அது ஆரு சட்டை?"

நஸீமாவின் நிக்காஹ் அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டை அது. தெருவுக்கே தெரியும். ஒவ்வொரு மாதமும் வெயிலில் காட்டி எடுத்துவைப்பாள் லாத்தா. அவள் அதை மடித்தாள். பிரித்தாள், திரும்பவும் மடித்தாள்.

மச்சான் தொண்டையைச் செருமினார். முதலாளி விடமாட்டேன் என்கிறாராம், அங்கே தங்குகிற இக்காமா அனுமதியை இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பித்தாயிற்றாம். போன மாதமே முடிந்த காரியம். சொல்ல வாய் வரவில்லை என்றார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. என்றாலும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

லாத்தா அழவில்லை. "அப்ப இதுல எதை வைக்கச் சொல்லுதிய?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாத்தையும் குடுத்துரு. வரும்போது புதுசு கொண்டாந்துக்கிடுதேன்."

லாத்தா போனை வைத்தாள். பிறகு பேனாவை என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னாள். நடுத்தட்டுத் துணி அத்தனையும் கொடுக்கிற பட்டியலில் ஏறியது, நீலச்சட்டையும்தான். அதை மட்டுமாவது வையேன் என்றேன். அவியளுக்கே அடையாளம் தெரியலியே என்றாள்.

சனிக்கிழமை நஸீமா வந்தாள். வாப்பா விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் பைகளைக் கட்டினாள், உம்மா இவ்வளவு துடியாகச் செய்வாள் என்று நினைக்கவில்லை என்று மெச்சிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. நான் தைத்த துணிகளைக் கொண்டுபோனபோது, காலியாகக் கிடந்த நடுத்தட்டை அவள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பாவுக்குன்னு ஒண்ணுமே வைக்கலியே உம்மா. வந்தா எதை எடுத்துப் போடுவாவ?"

லாத்தா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வந்து இருக்கிறவியளுக்குத்தான் புள்ள பீரோ வேணும். உங்க வாப்பா பெட்டியோட வருவாவ, பெட்டியோட போவாவ."

நஸீமா ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தைத்த துணிகளைப் பாயில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.