பெயர் இல்லாதவர்கள் கட்டாயம் படிக்கவும்

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வேளச்சேரிவாசிக்கு மழைக்காலத்தில் முதல் கவலை காரைப் பற்றியது, குடும்பமெல்லாம் அப்புறம்தான். மேலே 'வாகனங்கள் – மழைக்கால ஏற்பாடு' என்று ஒரு வரி, கீழே வீட்டு எண்கள். என் எண் இல்லை. கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தியவர்கள் மாட்டிக்கொண்டார்கள், நாம் தப்பித்தோம் என்று மேலே போய் நிம்மதியாகக் காபி குடித்தேன். மறுநாள்தான் தெரிந்தது, அது மேட்டுப்பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைத்தவர்களின் பட்டியல். என் வண்டிக்குத் தண்ணீர் தேங்கும் பள்ளம்தான்.

"முப்பது வருஷம் ஆபீஸ்ல நோட்டீஸ் எழுதின ஆளுக்கு, ஒரு நோட்டீஸ் புரியல" என்று என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் லிஃப்டுக்குள் இன்னும் ஈரமாக இருந்த மைதாப் பசையின் வாசனை மூக்கைவிட்டுப் போகவில்லை. அந்த வாசனை எனக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று அவளிடம்கூட இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நந்தனம் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் அப்போது நான் உதவியாளர். அலுவலகத்தின் பெயர் வேண்டாம், அதில் இப்போது வேறு நல்லவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் பிரிவுக்குப் பின்னாலேயே ஸ்டோர் ரூம். அங்கே ஒரு பழைய ஸ்டவ்வில் மைதாவைக் கிண்டி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சுவார்கள். பன்னிரண்டு மணிக்கு அந்த வாசனை வந்தால் எங்களுக்குப் பசிக்கத் தொடங்கும். பசையை மோந்து பசித்த பரம்பரை நாங்கள்.

அடையாற்றங்கரையில் ஒரு குடியிருப்பைக் காலிசெய்து, அங்குள்ளவர்களுக்கு ஊருக்கு வெளியே மாற்று வீடு கொடுக்கும் வேலை எங்கள் பிரிவுக்கு வந்தது. முறை இதுதான்: முதலில் ஒவ்வொரு கதவிலும் சிவப்புப் பெயிண்டில் எண் போடுவார்கள். பிறகு ஆட்கள் படிவத்தோடு போய், ரேஷன் கார்டு பார்த்து, குடும்பத்தைக் கதவு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துப் பதிவு செய்வார்கள். கதவு சாத்தியிருந்தால் இன்னொரு தடவை போவார்கள். அப்போதும் சாத்தியிருந்தால் படிவத்தில் 'பூட்டு' என்று எழுதி முடித்துவிடுவார்கள். பதிவானவர்களை வைத்துத் தற்காலிகப் பட்டியல் ஒட்டப்படும். விடுபட்டவர்கள் பதினைந்து நாளுக்குள் மனுக் கொடுக்கலாம். அதன் பிறகு இறுதிப் பட்டியல். அதில் பெயர் இருந்தால் ஒதுக்கீட்டு ஆணை. இல்லாவிட்டால், வீட்டை இடிக்கும்போது வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

தற்காலிகப் பட்டியலுக்கான அறிவிப்பை எழுதியவன் நான். எழுதினேன் என்பதுகூட அதிகம். பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு கோப்பை எடுத்து, இடத்தின் பெயரை மாற்றினேன். தலைப்பு 'ஆற்றோர ஆக்கிரமிப்புக் குடும்பங்களின் தற்காலிகப் பட்டியல்'. அடியில் 'உரிமைக் கோரிக்கை ஏதுமிருப்பின் இவ்வறிவிப்பு நாளிலிருந்து பதினைந்து தினங்களுக்குள் கீழ்க்கையொப்பமிட்டவருக்குச் சமர்ப்பிக்கப்பட வேண்டியது'. எனக்கு அந்த நடையில் ஒரு கர்வம் இருந்தது. என் கடிதங்களைப் படித்துவிட்டு மக்கள் பயப்படுவதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒட்டுவதற்கு ஜெசிந்தாவை அனுப்பினோம். ஜெசிந்தா இளநிலை உதவியாளர், வேலைக்கு வந்து எட்டு மாதம். அப்பா எங்கள் அலுவலகத்திலேயே காவலாளியாக இருந்து இறந்துபோனதால் கிடைத்த வேலை. அம்மா பட்டினப்பாக்கம் பக்கம் மீன் விற்றுக்கொண்டிருந்தார். பசை வாளி தூக்க ஒரு ஆள், ஒட்டிய இடத்தைப் படம்பிடித்து இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்க ஜெசிந்தா என்று ஏற்பாடு. ஆறு இடத்தில் ஒட்ட வேண்டும். ஒரே இடத்தில் ஒட்டிவிட்டு, மீதி ஐந்தையும் சுருட்டிக்கொண்டு பதினோரு மணிக்கே திரும்பி வந்துவிட்டாள்.

"சார், அங்க எல்லாம் தப்பாப் புரிஞ்சிக்கினு இருக்காங்க. பேரு இல்லாதவங்க சிரிக்கிறாங்க, பேரு இருக்கிறவங்க அழுவுறாங்க."

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவள், மயிலாப்பூர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கோமளா. எங்கள் அலுவலகத்தையே தினமும் பெருக்கும் கோமளாதான். காலையில் எங்களிடம், பிறகு மயிலாப்பூரில் இரண்டு வீடு, சாயங்காலம் தி.நகரில் ஒரு வீடு. கணக்கெடுப்புக்கு ஆள் போன இரண்டு தடவையும் அவள் வீடு பூட்டித்தான் இருந்திருக்கும், வேறு எப்படி இருக்கும்? பட்டியலில் பெயர் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கல்கண்டு கொடுத்திருக்கிறாள்.

"'லிஸ்ட்ல எம் பேரு இல்லம்மே, நான் தப்பிச்சிக்கினேன்'னு எனக்கே கல்கண்டு குடுக்குது சார். இதுக்கு முன்னாடி அங்க ஒட்டின லிஸ்ட் எல்லாம் இடிக்கிற லிஸ்ட்தானாம். மேல ஆக்கிரமிப்புன்னு வேற போட்டுக்கீது. யாரு மனுக் குடுக்க வருவாங்க?"

இந்த இடத்தில் எழுந்து போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்த ஆற்றங்கரைக்குப் போகாமல், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஒட்டச் சொன்னா ஒட்டிட்டு வாம்மா. ஆராய்ச்சி பண்ணச் சொல்லல" என்றேன். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன் என்று இப்போது தெரிகிறது.

அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஜெசிந்தா தன் கையெழுத்தில் ஒரு புது வரைவைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். தலைப்பில் ஆக்கிரமிப்பு இல்லை. 'மாற்று வீடு கிடைப்பவர்களின் பட்டியல். பெயர் இல்லாதவர்கள் கட்டாயம் படிக்கவும்' என்று இருந்தது. அதற்குக் கீழே, எனக்கு இன்றும் மனப்பாடம்:

'இந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் உங்களுக்கு வீடு உண்டு. பெயர் இல்லை என்றால் வீடு கிடையாது. ஆனால் உங்கள் குடிசை அகற்றப்படும். நாங்கள் வந்தபோது பூட்டியிருந்த வீடுகளின் கதவு எண்கள் தனியாகக் கீழே உள்ளன. உங்கள் கதவில் உள்ள சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் சேர்க்க, பாலர் பள்ளிக்கு வாருங்கள். ரேஷன் கார்டு நகல் போதும், அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.'

பதினைந்து தினங்களுக்குள் என்ற பேச்சே இல்லை. கடைசி நாளின் தேதி, கிழமை, மணி என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். அதற்கும் காரணம் வைத்திருந்தாள். அதிகாரி கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து என் பதினைந்து நாள் ஓடத் தொடங்கிவிட்டது. நகலெடுத்து, அனுப்பி, ஒட்டுவதற்குள் ஆறு நாள் போயாகிவிட்டது. பார்க்கிறவர்கள் ஒட்டிய நாளிலிருந்துதானே எண்ணுவார்கள்? அதனால் புதிதாக ஒட்டும் நாளிலிருந்து முழுப் பதினைந்து நாள் விட்டிருந்தாள். நேரமும் இரவு எட்டு வரை. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் அதற்குள் திரும்பிவிடுவார்களாம்.

"இது நோட்டீஸா, அத்தை வீட்டுக்கு எழுதின லெட்டரா?" என்று கேட்டேன். மறுபடியும் சிரிப்பு.

ஜெசிந்தாவின் முகம் சிவந்தது. தாளை எடுத்துக்கொண்டு போனவள், கோப்பில் தானே ஒரு குறிப்பெழுதினாள். ஒட்டப் போன இடத்தில் கண்டது, கோமளா சொன்னது, பூட்டிய வீடுகள் எத்தனை, பழைய அறிவிப்பை அப்படியே விட்டால் அத்தனை குடும்பமும் மனுக் கொடுக்காமல் வீட்டை இழக்கும் என்பது, எல்லாம் ஒரு பக்கத்தில். அடியில் சின்னதாகத் தன் சுருக்கொப்பம். என்னைத் தாண்டி அதிகாரி மேடத்திடம் நேராகக் கொண்டுபோனாள். மேடம் ஐந்து நிமிடம் படித்தார். பழையதைக் கிழித்துவிட்டு இதை ஒட்டச் சொன்னார். நான் மதியம் சாப்பிடவில்லை, அவ்வளவு கோபம்.

ஒட்டிய மறுநாள் சாயங்காலம் பாலர் பள்ளி முன்னால் வரிசை தெருமுனை வரை நின்றது. மேடம் என்னையும் போகச் சொல்லியிருந்தார். ஜெசிந்தா மனுக்களுக்கு எண் போட்டு, ரசீது கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோமளா தி.நகர் வேலையை முடித்துவிட்டு ஓடிவந்து, மூச்சு வாங்க வரிசையில் நின்றாள். கையில் ரேஷன் கார்டு.

"ஊரவுட்டுத் தூரமாத்தான் தள்ளப் போறீங்க, தெரியும். ஆனா இத வுட்டிருந்தா அதுவும் இல்லாம பிளாட்பாரத்துலதான் நின்னுக்கினு இருப்பேன்" என்றாள். பூட்டிய கதவு எண்களில் பெரும்பாலானவை, கோமளாவுடையதும் சேர்த்து, அந்தப் பதினைந்து நாளில் இறுதிப் பட்டியலுக்குள் வந்துவிட்டன.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். சுவரில் இருந்ததை நின்று படித்துவிட்டு, "யாரு எழுதினது? ரொம்பத் தெளிவா இருக்கே" என்றார். பிரிவின் மூத்தவன் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான், "நன்றி சார்" என்றேன். பொய் சொல்லவில்லை பாருங்கள், நன்றிதான் சொன்னேன். ஜெசிந்தா இரண்டடி தள்ளி, ரசீதில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். முத்திரைச் சத்தம் ஒரு கணம் நின்றது, பிறகு தொடர்ந்தது.

அதோடு விட்டிருந்தால்கூட இத்தனை வருடம் கழித்து ஒரு பசை வாசனைக்கு நான் இப்படிக் கூசமாட்டேன். மற்ற இடங்களுக்கும் இதே மாதிரி ஒட்ட வேண்டும், கோப்பை அனுப்புங்கள் என்று தலைமை அலுவலகம் கேட்டது. கோப்பைப் புரட்டினேன். ஜெசிந்தாவின் குறிப்புப் பக்கம், உருண்டையான கையெழுத்து, அடியில் சுருக்கொப்பம். கையெழுத்தில் இருந்தால் நன்றாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதே வாக்கியங்களைத் தட்டச்சு செய்தேன். அடியில் என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். பழைய பக்கத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டேன். பிறகு, எப்படி மனது வந்ததோ, கோப்பைக் கட்டச் சொல்லி ஜெசிந்தாவிடமே நீட்டினேன்.

அவள் புரட்டினாள். அந்தப் பக்கத்தில் விரல் நின்றது. முழுவதும் படித்தாள். நான் ஜன்னல் வழியே அண்ணாசாலைப் பேருந்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். துளையில் கயிற்றைக் கோத்து, இறுக்கி முடிச்சுப் போட்டு என் மேஜையில் வைத்தாள்.

"கட்டிட்டேன் சார்."

அடுத்த வருடம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது. நான் ஓய்வு பெற்றபோது வழியனுப்பு விழாவில் என் தெளிவான தமிழைப் பற்றிக்கூடப் பேசினார்கள், மாலையோடு கேட்டுக்கொண்டேன்.

நேற்று அந்த ஆற்றங்கரை வழியாகப் போனேன். சிவப்பு எண் போட்ட கதவுகள் இல்லை, பாலர் பள்ளி இல்லை, நோட்டீஸ் ஒட்டிய சுவரும் இல்லை. கம்பி வேலிக்குள் செடி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஸ்டோர் ரூமையும் இடித்தாயிற்று, இப்போது பசை காய்ச்ச ஆள் கிடையாது, அறிவிப்பெல்லாம் போனில் வருகிறது. அவையெல்லாம் யார் யாரோ உத்தரவு போட்டுப் போனவை. கோமளாவுக்கு மாற்று வீடு கிடைக்கச் செய்தது ஜெசிந்தா என்பதற்கு இருந்த ஒரே தாளை மட்டும் யாரும் உத்தரவு போடாமல் நான்தான் கிழித்தேன்.