மாமா எழுதாத நன்றி

அந்த நன்றியை எழுதியவர் என் மாமா அல்லர். நான்தான் எழுதினேன்.

ஒரு வருடம் ஆகப்போகிறது... இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் இல்லை, மனைவியிடம் இல்லை. கோயிலில் கண்மூடி நிற்கும்போதுகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எங்கள் குடும்பக் குழுவில் இல்லை. அந்த ஒரு தைரியம்தான்!

சின்னமனூரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். பட்டா நகல் எடுத்துக் கொடுப்பேன், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். ஊரில் எனக்கென்று தனிப் பெயர் எதுவும் கிடையாது. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மட்டும் ஒரு பெயர் உண்டு. புதிர் போடுகிறவன்!

யாருக்காவது பிறந்தநாள் வந்தால், பெயரைச் சொல்லி ஒரு பூங்கொத்துப் படத்தைப் போடுவது எனக்குச் சப்பென்று இருக்கும். பெயரைச் சொல்ல மாட்டேன். காலை ஏழு மணிக்கு, எல்லோர் கையிலும் டீயும் போனும் இருக்கும் நேரம் பார்த்து, ஒரு புதிரை இறக்குவேன். அதற்கு ஒரே ஒரு சட்டம். விடையை எழுதக் கூடாது. விடைக்கு உரியவருக்கு வாழ்த்து எழுத வேண்டும். வாழ்த்து சரியான ஆளுக்குப் போனால் விடை சரி.

இந்தச் சட்டத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. விடை கண்டுபிடித்தவர் வாழ்த்துவார். கண்டுபிடிக்காதவர் அதைப் பார்த்துக் காப்பியடித்து வாழ்த்துவார். கணக்கே போடாதவர், தான் மட்டும் விட்டுப்போகக் கூடாதே என்று கேக் படத்தை அனுப்புவார். முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர் தப்ப முடியாது. கடைசியில் பிறந்தநாள்காரர் வந்து நன்றி சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் நான் ‘புதிர் முடிந்தது’ என்று போடுவேன். அதைப் போடும்போது எனக்குள் ஏதோ பட்டாபிஷேகம் நடப்பதுபோல் இருக்கும். எவ்வளவு அற்பம், பாருங்கள்!

அன்று மாமாவுக்கு ஐம்பத்தெட்டாவது பிறந்தநாள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மேகமலைப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம். வாரத்தில் ஐந்து நாள் மேலே தகரக் கொட்டகையில் தனியாக இருப்பார். அத்தை இங்கே கீழே, எங்கள் தெருவில்தான் இருக்கிறார். தோட்டத்தில் சிக்னல் கிடையாது. அரை மைல் நடந்து ரோட்டு வளைவுக்கு வந்தால்தான் போன் எடுக்கும்.

நான் போட்ட புதிர் இதுதான்.

‘ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டால் பெருக்குங்கள். நூற்றுப் பதினாறைக் கூட்டுங்கள். வந்ததில் பாதியை எடுங்கள். முதலில் நினைத்த எண்ணைக் கழியுங்கள். மீதி எத்தனையோ அத்தனை வயதை இன்று தொட்டவர் யார்? மேகம் அவருக்குக் குடை, ஏலம் அவருக்கு மணம், மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு. விடையை எழுதாதீர்கள், வாழ்த்துங்கள்!’

எந்த எண்ணை நினைத்தாலும் ஐம்பத்தெட்டுதான் வரும். நினைத்த எண் கடைசியில் தானே கழிந்து போய்விடும். நிற்பது நூற்றுப் பதினாறில் பாதி. அம்மா மூன்றை நினைத்தார், ஐம்பத்தெட்டு. மதுரையில் இருக்கும் மாமாவின் மகள் தேன்மொழி எட்டை நினைத்தாள், அதே ஐம்பத்தெட்டு. என் தம்பி பாண்டி மட்டும் வழக்கம்போலப் பாதியாக்க மறந்துவிட்டு, “யாருப்பா நம்ம வீட்டுல நூத்தி இருபத்தொரு வயசுல இருக்கது?” என்று குரல் பதிவு போட்டான். குழுவே சிரித்தது. ஒன்பது மணிக்குள் முப்பத்தாறு வாழ்த்துகள்! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாமாவின் வாட்ஸப் என் கடைக் கம்ப்யூட்டரிலும் திறந்திருந்தது. தோட்டத்துக் காகிதங்களையும் காய்ப் படங்களையும் அனுப்பத் தெரியாமல், “நீயே எடுத்துக்கப்பா, எனக்கு இந்தக் கருமம் புடிபடல” என்று ஒருநாள் அவரே போனை என் திரைக்கு நேராகக் காட்டி இணைத்துவிட்டுப் போனார். அப்படி இணைத்துவிட்டால், அவர் போனில் சிக்னலே இல்லாவிட்டாலும் அவருக்கு வரும் செய்தி என் திரையில் வரும். நான் அதில் எதை எழுதினாலும் அவர் பெயரில் போகும்.

மாமா பார்க்கப்போகும் அழகை முன்கூட்டியே பார்த்துவிட ஆசை எனக்கு. அவர் கணக்கில் குழுவைத் திறந்தேன். சும்மா பார்க்கத்தான் திறந்தேன்... ஆனால் வாட்ஸப்புக்குத் திறந்தது நானா அவரா என்று எப்படித் தெரியும்? தேன்மொழி தன் வாழ்த்தை அழுத்திப் பிடித்து, யார் யார் படித்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்திருக்கிறாள். அதில் அப்பா பெயர் இருந்தது. ‘அப்பா படிச்சுட்டாக!’ என்று குழுவில் எழுதினாள்.

பத்தே காலுக்கு அத்தை எனக்குப் போன் செய்தார்.

“ஏப்பா, மாமாவுக்குக் காலையில இருந்து போட்டுப் பாக்குறேன், லைனே போகல. படிச்சுட்டாகன்னு தேனு சொல்லுது. படிச்சவக ஒரு வார்த்த பேச மாட்டாகளா? நேத்து வளைவுக்கு வந்தப்பவே ஒரு பக்கமா மரமரன்னு இருக்குன்னாக. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. ஜீப்ப அனுப்பி அங்கன ஒரு எட்டுப் பாத்துட்டு வரச் சொல்லவா?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘அத்தை, படித்தது மாமா இல்லை, நான்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வரி! சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்தவர் வாட்ஸப்பைத் திறந்து பார்க்கிறவன் என்று நாலு பேர் ஏசியிருப்பார்கள். அவ்வளவுதானே? அதற்குப் பயந்தேன். புதிர் பாதியில் நின்று, குழுவில் எல்லோரும் மாமாவைத் தேட ஆரம்பித்துவிடுவார்களே என்றும் சங்கடப்பட்டேன். “மழையில சிக்னல் விட்டு விட்டு வரும் அத்தை, பதட்டப்படாதீக, இப்பப் போடுவாக பாருங்க” என்றேன்.

போனை வைத்தேன். மாமாவின் கணக்கில் எழுதினேன். ‘எல்லாருக்கும் நன்றி. சாப்டீகளா?’

அந்தச் ‘சாப்டீகளா’தான் இன்னும் என்னை விடவில்லை. மாமா எதை எழுதினாலும் அதில்தான் முடிப்பார். அதைத் தெரிந்துகொண்டே எழுதினேன். யாரும் சந்தேகப்படக் கூடாது என்று எழுதினேன்.

அத்தை உடனே பதில் போட்டார். ‘உங்களைத் தேடி ஜீப்பு அனுப்ப இருந்தேன். சாயங்காலம் பேசுங்க.’ ஜீப் போகவில்லை. நான் ‘புதிர் முடிந்தது’ என்று போட்டேன்.

சாயங்காலமும் மாமா பேசவில்லை; மழையில் வளைவுக்கு வந்திருக்க மாட்டார் என்று அத்தை இருந்துவிட்டார். மறுநாள் மதியம் மேலே போன தோட்டத்து ஆள்தான் பார்த்தான். ஏலச் செடிகளுக்கு நடுவே, ஒருக்களித்து, ஈரத்தில் கிடந்தார் மாமா. கண் திறந்திருந்தது. உடம்பெல்லாம் அட்டைப்பூச்சி அப்பியிருந்தது. மூளையில் இரத்தம் அடைத்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வாயும் போய்விட்டது.

தேனி ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, “கடைசியா எப்ப நல்லா இருந்தார்?”

தேன்மொழி போனை நீட்டினாள். “நேத்துக் காலையில பத்து இருபத்தஞ்சுக்கு மெசேஜ் போட்டிருக்காக டாக்டர்.”

அவர் அதை எழுதிக்கொண்டார். அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன் நான். என் பொய் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்! “இதுக்கு ஊசி இருக்கு. வந்த நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். இப்ப நேரம் கடந்துருச்சு” என்றார். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

மாமா எப்போது விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆறு மணிக்கா? பத்து மணிக்கா? ஜீப் போயிருந்தால் நேரத்துக்குள் கொண்டுவந்திருக்க முடியுமா? சின்னமனூரிலிருந்து அந்தக் கரடுமுரடான ரோட்டில் ஏற எவ்வளவு, இறங்க எவ்வளவு, அங்கிருந்து தேனிக்கு எவ்வளவு... தினமும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன். ஒருநாள் முடிந்திருக்கும் என்று வருகிறது, ஒருநாள் முடிந்திருக்காது என்று வருகிறது. ஆனால் ஒரு பகலும் ஓர் இரவும் மழையில் கிடந்திருக்க மாட்டாரே! அது மட்டும் எப்படிப் போட்டாலும் மாறவில்லை.

இன்னும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் அத்தை அழுதுகொண்டிருக்க, ‘வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துட்டு வர்றேன்’ என்று கிளம்பி நேரே கடைக்கு வந்தேன். மாமா போனின் செட்டிங்ஸில், இணைத்திருக்கும் கம்ப்யூட்டர் எது, அது கடைசியாக எப்போது இயங்கியது என்ற பட்டியல் இருக்கும். தேன்மொழி படித்த பெண். என்றைக்காவது அதைத் திறந்தால்? கம்ப்யூட்டரில் லாக் அவுட் செய்தேன். அந்தப் பட்டியலிலிருந்து என் கடை மறைந்துபோனது. நன்றியையும் எல்லோருக்குமாக அழித்துவிடலாமா என்று முதலில் யோசித்தேன். அழித்தால் ‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது’ என்று ஒரு தடம் நிற்கும். அதனால் அழிக்கவில்லை. மனம் வருந்தி விட்டுவைக்கவில்லை ஐயா, பயந்து விட்டுவைத்தேன்!

மாமா இப்போது வீட்டில்தான் படுத்திருக்கிறார். புத்தி நன்றாக இருக்கிறது. சொல்வதெல்லாம் புரிகிறது. வார்த்தைதான் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்மணி, பழகிய விஷயங்களைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். தேன்மொழி எதை எடுத்தாள் தெரியுமா? அந்தப் பிறந்தநாள் வாழ்த்துகளை! ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, முடிவில் அந்த நன்றியையும் படிப்பாள். “அப்பா எங்க எல்லாரு வாழ்த்தையும் பாத்துட்டாகல்ல, அது போதும் எனக்கு” என்பாள்.

அப்போதெல்லாம் மாமா போனைப் பார்க்க மாட்டார். அறையில் நான் எங்கே நிற்கிறேனோ அங்கே பார்ப்பார். அவர் கணக்கு என் கடையில் திறந்திருந்தது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவன் நான்.

ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். போகாவிட்டால் சந்தேகம் வருமே! அவர் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வேண்டி முடிக்குமுன் உள்ளே வேறொரு குரல், பேச்சு மட்டும் வேண்டாம் என்கிறது. என்னை நானே காறித் துப்பிக்கொண்டாலும் அந்தக் குரல் நிற்பதில்லை.

போன ஞாயிறு தேன்மொழி போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, சிறுபிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

“இத நீங்கதானப்பா எழுதுனீக?”

மாமாவின் உதடு கோணியது. தொண்டையில் ஏதோ புரண்டது. இடது கை போர்வையை இறுக்கிப் பிடித்தது.

“இல்ல.”

தெளிவாக வந்தது. அடுப்படியில் இருந்த அத்தைக்கே கேட்டது! அத்தை ஓடிவந்தார். தேன்மொழி அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். “பேசிட்டாக! மச்சான், அப்பா பேசிட்டாக!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். என்ன பேசினார் என்று அவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. பேசினார், அது போதும் அவர்களுக்கு.

ஐந்து நிமிடத்தில் குழு நிறைந்துவிட்டது. அம்மா, பாண்டி, வெளியூரில் இருப்பவர்கள்... வாழ்த்துமேல் வாழ்த்து. என் போன் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. “என்ன மச்சான், நீங்க மட்டும் இன்னும் போடல?” என்றாள் தேன்மொழி.

போனை எடுத்து, ‘வாழ்த்துகள் மாமா, சீக்கிரம் நல்லாப் பேசணும்’ என்று எழுதி அனுப்பினேன். தலையை நிமிர்த்தினேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டு, அடுத்த வார்த்தைக்காக வாயைத் திறந்துகொண்டிருந்தார்.