தண்டுக் குழாயைச் சுற்றி வந்த கறை

சிலுவையம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கம்பெனி குவார்ட்டர்ஸ் முழுக்க அது தெரியும். அன்று காலை அவள் பேசியது, பக்கத்தில் நின்ற புருஷன் இன்னாசிக்கே பாதிதான் கேட்டது.

"போட்டோ எங்க வேலப்பண்ணே?"

"இன்னா போட்டோ? என்கிட்ட யாரும் எதுவும் குடுக்கல."

திருவொற்றியூரில் அந்தக் குவார்ட்டர்ஸை மேற்பார்த்த சூப்பர்வைசர்தான் வேலப்பன். மேல் வீட்டு ஈரம் கீழே இறங்குகிறதென்று சிலுவையம்மாள் மூன்று மாதம் சொல்லியும் அவன் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் ராயபுரத்திலிருந்து ஸ்டூடியோக்காரர் யேசுதாஸை அழைத்து வந்து, ஃப்ளாஷ் போட்டுக் கறையைப் படம் எடுக்க வைத்தாள். படத்தையும் நெகட்டிவையும் ஒரே உறையில் போட்டு இன்னாசி ஆபீசில் கொண்டு கொடுத்தான். வேலப்பன் கையிலேயே கொடுத்தான்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. இரவு ஷிப்டு முடிந்து வந்து பகலில் தூங்கிக்கொண்டிருந்த இன்னாசியின் தோளில் கூரைப் பூச்சு பாளமாக விழுந்தது. எலும்பு விலகியதால் கட்டுப்போட்டார்கள். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே வேலப்பன் ஆள் விட்டு அந்த இடத்தைச் சிமெண்ட் பூசி, சுண்ணாம்பும் அடித்துவிட்டான். மேல் வீட்டு வரலட்சுமியிடம், குளியலறையை இப்போதைக்குப் பயன்படுத்தக்கூடாது என்று உத்தரவு வேறு.

அன்று விசாரணைக்குக் கம்பெனி இன்ஜினியர் ராசையா வந்திருந்தார். வெள்ளைக் கூரையைப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது.

"துணிக்கொடி கட்ட கொக்கி அடிச்சிருக்காங்க சார். அதான் பூச்சு பேந்துகிச்சு," என்றான் வேலப்பன். "வூட்டக் காலி பண்ணச் சொல்லணும்."

இன்னாசி கட்டுப்போட்ட கையோடு மனைவியின் காதருகே குனிந்தான். "வுடு சிலுவை. வூடு போச்சுன்னா இன்னா பண்றது?"

"தோளு போனது பத்தலையா உனுக்கு?" என்றாள் அவள். பயந்த புருஷன் மேலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ராசையா அவள் பக்கம் திரும்பினார். "படம் இல்லம்மா. நீங்க பார்த்ததைச் சொல்லுங்க. எங்கே ஆரம்பிச்சது?"

மேல் வீட்டு அழுக்குத் தண்ணீர் இறங்கும் தடித்த குழாய் இருந்த மூலையை அவள் காட்டினாள். "இந்தத் தண்டுக் குழா மேல பூந்து போற எடத்துல. மொதல்ல சாப்பாட்டுத் தட்டு அகலம். அப்புறம் ரூமு பக்கமா நீண்டுச்சு. குழாகிட்ட அகலம், இங்க வர வரக் கூம்பிகினே வந்துச்சு, திருக்கை வாலு மாதிரி. கட்டிலுக்கு மேல முடியும்."

"நிறம்?"

"நடுவுல ஈரச் சிமெண்டு கலரு. ஓரத்துல டீக்கறை. ஒரு வளையத்துக்குள்ள இன்னொரு வளையம். காஞ்சா வெள்ளையா உப்புப் பூக்கும், தொட்டா மாவாட்டம் உதிரும்."

"இந்தச் சின்னக் குழாய்?" மேல் வீட்டுக்குத் தண்ணீர் ஏறும் இரும்புக் குழாய், எதிர் மூலையில் இருந்தது.

"அதுகிட்ட ஒரு சொட்டு ஈரம் கிடையாது. வரலட்சுமி ஊருக்குப் போயிருந்தப்ப கறை காஞ்சு போச்சு. திரும்பி வந்து குளிச்சா, சாயங்காலத்துக்குள்ள கருத்துடும்."

ராசையா தலையாட்டினார். "தண்ணி ஏத்துற குழாய் ஒழுகினா, குழாயில தண்ணி இருக்கிற நேரமெல்லாம் கசியும். குளிக்கும்போது மட்டும் நனைஞ்சா, அழுக்குத் தண்ணி இறங்குற வழியில கோளாறு. வளையம் வளையமா இருந்தா நனைஞ்சு நனைஞ்சு காய்ஞ்சிருக்கு."

"சும்மா சொல்றா சார்," என்று வேலப்பன் குறுக்கிட்டான்.

"சோதிச்சா தெரிஞ்சுடும்." துணிக்குப் போடும் நீலம் கேட்டார். சிலுவையம்மாள் கொடுத்தாள். வாளித் தண்ணீரில் கரைத்து, மேல் வீட்டுக் குளியலறையில் வரலட்சுமியை ஊற்றச் சொன்னார். இரண்டு வாளி, மூன்று வாளி. கீழே எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். கூரை வெள்ளையாகவே இருந்தது. வேலப்பன் சிரித்தான்.

"இன்னும் ஊத்தும்மா!" என்று ராசையா கத்தினார்.

வெகுநேரம் கழித்துத் தண்டுக் குழாயின் கழுத்தில், புதுச் சிமெண்டை ஒட்டி, ஒரு நீலக்கோடு தெரிந்தது. அது திரண்டு சொட்டாகி, வேலப்பனின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. சுண்ணாம்புக்குள்ளும் நீலம் ஊறி, கட்டில் பக்கமாக நீண்டது.

மறுநாளே மேல் தரையை உடைத்தார்கள். குழாயும் தரையும் சேரும் இணைப்பு வெடித்துக் கிடந்தது. அதை மாற்றினார்கள். வீட்டைக் காலி செய்யும் பேச்சு அடங்கியது. ஆனால் போட்டோ என்ன ஆனது என்று யாரும் விசாரிக்கவில்லை. வேலப்பன் அதே வேலையில் இருந்தான்.

"அதான் சரியாப் போச்சே, இன்னும் இன்னா கோவம்?" என்றான் இன்னாசி.

"என்னைப் பொய்க்காரின்னான். உன் தோள ஒடச்சான். சுண்ணாம்பு அடிச்சு மறைச்சான். இதுல எது சரியாப் போச்சு?"

அதற்குப் பிறகு வேலப்பன் குவார்ட்டர்ஸுக்குள் வரும்போதெல்லாம், குழாயடியில் நிற்கும் பெண்கள் எதிரில், தாழ்ந்த குரலில் அவள் கேட்பாள்: "போட்டோ எங்க வேலப்பண்ணே?"