கை வைக்காமல் பார்ப்பது

என் கணவருக்குக் காஞ்சன்பாக்கில், அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் "சோதனைப் பிரிவு" என்பார், அதோடு சரி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கே அதற்குமேல் தெரியாது. ஆபீஸ் விஷயமாக அவர் வீட்டில் வாய்விட்டுப் புலம்புவது ஒன்றே ஒன்றுதான். சோதனைக்கு வரும் பாகத்தை யாராவது முன்கூட்டியே சரிசெய்து எடுத்துவந்தால் அன்று ராத்திரி எங்கள் வீட்டில் ரசம்கூட இறங்காது.

"இருக்கறபடி கொண்டாங்கடான்னா கேக்க மாட்டேங்கறான். ஒரு திருகு திருகிட்டு வந்து நிக்கறான். அப்புறம் நான் எதைப் பாக்கறது?"

இதை நான் முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு அந்தப் பாமரேனியன் வந்தது ஐ.டி. புண்ணியத்தில். குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுக்காரரின் பிள்ளைக்கு மாதாப்பூர் பக்கம் பெரிய சம்பளத்தில் வேலை கிடைத்தது. அப்பா அம்மாவைப் புது அபார்ட்மென்ட்டுக்குக் கூட்டிப்போனான். அங்கே நாய்க்கு அனுமதி இல்லையாம். "ஒரு வாரம் வெச்சுக்கோங்க" என்று அந்த அம்மாள் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. எனக்கு நாய் என்றாலே ஆகாது. துவைத்த துணியெல்லாம் வெள்ளை முடி. ஆனால் அது தேர்ந்தெடுத்தது என்னை இல்லை, அவரை. சாயங்காலம் அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் வாசலுக்கும் சோபாவுக்கும் தாவித் தாவி வீட்டை இரண்டாக்கிவிடும்.

அப்படித் தாவும்போதுதான் முதலில் கவனித்தோம். ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று பின்பக்க இடதுகாலைத் தூக்கிக்கொண்டு நொண்டியாட்டம் ஆடுகிற பிள்ளை மாதிரி நாலு தப்படி போகும். அப்புறம் காலை ஒரு உதறு உதறும், சரியாகிவிடும். அழாது, கத்தாது. கொழுப்பு என்றேன் நான்.

செகந்திராபாத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். இரண்டு தலைமுறையாக அங்கேயே குடியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அவருடைய தமிழில் பாதி அந்த ஊர் இந்தி கலந்திருக்கும்; ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. நாயை முதலில் வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு மேஜையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, காலை நீட்டிப் பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி, முழங்கால் சில்லைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளினார். அது உள்பக்கமாக வழுக்கிக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

"சின்ன ஜாதி நாய்ங்களுக்கு இது சகஜம்ங்க," என்றார். "சில்லு ஓடற பள்ளம் ஆழமில்ல, அதனால நழுவுது. இதுக்கு நாலு கிரேடு. நாம தள்ளினாத்தான் நழுவும், விட்டா தானா வந்துரும், அது ஒண்ணு. நடக்கறப்போ அதுவே நழுவும், கால நீட்டினா அதுவே திரும்பிரும், அது ரெண்டு. எந்நேரமும் வெளியிலயே இருக்கும், நாம உள்ள வெச்சாலும் திரும்பி நழுவிரும், மூணு. எவ்ளோ தள்ளினாலும் உள்ளயே போகாது, அது நாலு. இதுக்கு இடது ரெண்டு, வலது ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல."

"ஆபரேஷனா?" என்றார் இவர். நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஹவ், வேணும்னா செய்யலாம். ஆனா இப்பவே நக்கோ. அடிக்கடி நொண்டலை, வலியும் இல்லை. எடை ஏறாம பாத்துக்கோங்க, சோபாவுலேர்ந்து குதிக்க விடாதீங்க, வழுக்கற தரையில மிதியடி போடுங்க. அப்பப்போ கொண்டாந்து காட்டுங்க. மூணுக்குப் போச்சுன்னா தள்ளிப்போடக் கூடாது. சின்ன ஆபரேஷன்தான்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைத்தான் சொல்லியிருக்க வேண்டாம். இவருடைய அக்கா அப்படி ஒரு சின்ன ஆபரேஷனுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மயக்க மருந்து கொடுத்தார்கள், கண் விழிக்கவே இல்லை. திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் இவர் நாயை மடியில் இறுக்கிக்கொண்டே வந்தார்.

அன்றிலிருந்து எங்கள் மொசைக் தரை முழுக்கக் கயிற்றுப் பாய். சோபா மேல் கவிழ்த்துப் போட்ட நாற்காலி. எங்கள் மகளும் வீட்டுக்கு வந்தவர்களும் உட்கார இடம் தேடி நின்றார்கள். நாய்க்குச் சோறு குறைந்தது, அதன் முறைப்பு எனக்கு. நடுவில் அவர் ஒரு வித்தை கற்றுக்கொண்டார். கால் தூக்கினால் நாயைப் பக்கத்தில் கூப்பிட்டு, முழங்காலை நீட்டி, கட்டைவிரலால் சில்லை வெளிப்பக்கமாக ஒரு நெட்டு. சில்லு பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். நாயும் பழகிக்கொண்டது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தால்கூட அவர் நாற்காலி முன் வந்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அவர் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமலே கையைக் கீழே விடுவார். நான் சட்டைப் பொத்தான் அறுந்து நின்றால் ஒரு மாதத்துக்குத் தெரியாத மனிதர்.

டாக்டரம்மாவிடம் போகும் நாட்களில் புறப்படுமுன் கட்டாயம் ஒரு தடவை பார்த்துச் சரிசெய்வார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குத் தலை வாரிவிடுவது மாதிரி. ஆட்டோவில் மடி, வாசலிலிருந்து மேஜைவரை கை. வராந்தாவில் நடக்கவிடச் சொன்னால் நாலடி விட்டுவிட்டுத் தூக்கிக்கொள்வார். மேஜையில் நாய் பயத்தில் காலை விறைத்துக்கொள்ளும், டாக்டரம்மாவால் முழுதாகத் தள்ளிப் பார்க்க முடியாது.

"தானா உள்ள போயிருதா சார்?"

"போயிடுது டாக்டர்."

அவர் பொய் சொல்லவில்லை. தன் கட்டைவிரலை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை, அவ்வளவுதான். ரெண்டு, ரெண்டு, ரெண்டு என்றே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் வழியில் பேக்கரியில் நிறுத்தி எனக்கு உஸ்மானியா பிஸ்கட் வாங்கித் தருவார்.

அந்தக் கோடையில் அவரை வெளியூர்ச் சோதனைக்கு அனுப்பினார்கள். எந்த ஊர் என்று சொல்லக் கூடாத ஊர். வாரம் ஒருமுறை அவரே போன் செய்வார், நாம் கூப்பிட முடியாது. அவர் போன மறுநாளே நாய் அவருடைய காலி நாற்காலி முன்னால் வந்து காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்கு அந்த வித்தை வராது. வந்தாலும் தொடப் பயம். "உதறு, தானா போயிடும்" என்றேன் நாயிடம். உதறியது, போகவில்லை. சாயங்காலம்வரை அப்படியே. அடுத்த நாளும் அப்படியே, பின்பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டு, முழங்கால் உள்ளே வளைந்த மாதிரி நடந்தது. அது நாற்காலியை விட்டு நகராமல் நிற்பதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. நாய் என்றாலே ஆகாத எனக்கு.

ஆட்டோக்காரரிடம் "கைக்கு இத்னா?", ஏன் இவ்வளவு என்று பேரம்கூடப் பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். டாக்டரம்மா வராந்தாவில் நடக்கவிட்டார். மேஜையில் தொட்டுப் பார்த்தார். சில்லு உள்பக்கமாகவே ஒதுங்கிக் கிடந்தது. நீட்டி உள்ளே வைத்தார், உட்கார்ந்தது. கையை எடுத்து முழங்காலை மடக்கினதும் மறுபடி நழுவிவிட்டது. இன்னொரு தடவையும் செய்து பார்த்தார்.

"இது மூணுங்க. போன மாசம் ரெண்டு இருந்துச்சு. விழுந்துச்சா?"

"இல்ல. அவர் ஊர்ல இல்ல, அதான்."

"சார் இல்லாததுக்கும் இதுக்கும் என்னம்மா?"

"தினம் அவர்தானே எடுத்து வைப்பார். நாளுக்கு எத்தனை தடவைன்னு எனக்கே தெரியாது."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "அப்போ நான் இவ்ளோ நாளா நாயைப் பாக்கலை," என்றார். "சாரோட கைய பாத்துட்டு இருந்திருக்கேன்."

எப்போது ரெண்டு மூணாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. அவசரமாக ஓட வேண்டியதில்லை, ஆனால் மாதக்கணக்கில் விட்டால் குருத்தெலும்பு தேயும், தப்பான பக்கம் இழுத்து இழுத்து முழங்காலே கெடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததும் சொன்னேன். முதலில் நம்பவில்லை.

"நீ கட்டைவிரல வெளிப்பக்கமா வெச்சு ஒரு நெட்டு நெட்டு, போயிடும்."

"போகும். மடக்கினா திரும்ப நழுவிடும். அதுக்குப் பேர்தான் மூணாம். உங்க லேப்ல எவனாவது இப்படித் திருகிக் கொண்டாந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் வர்ற வரைக்கும் எதுவும் பண்ணாதே," என்றார். கோபமில்லை. சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

வந்ததும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கிளினிக்குக்குப் போனோம். இந்த முறை புறப்படுமுன் அவர் நாயைத் தொடவில்லை. டாக்டரம்மா எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். பள்ளத்தை ஆழப்படுத்துவார்கள், தசைநார் பிடித்திருக்கும் எலும்பு முனையைக் கொஞ்சம் வெளிப்பக்கம் நகர்த்தி ஊசிக்கம்பியால் நிறுத்துவார்கள், இழுவை நேராகிவிடும் என்றார். இழுவை, நேர்கோடு என்றால் இவருக்குப் புரியாதா? தலையாட்டினார். பிறகு மயக்க மருந்தைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அக்காவைப் பற்றி, எனக்கே முழுதாகச் சொல்லாத சில விஷயங்களையும் அந்த மேஜைப் பக்கத்தில் நின்று சொன்னார்.

டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. "ரத்தம், இருதயம் எல்லாம் முதல்ல பாத்துருவோம் சார். ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா செய்யாம விட்டா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"வலது கால்?"

"அது ரெண்டுக்கு வந்திருக்கு, மூணு ஆகலை. அதுக்கு இப்ப நக்கோ. பாத்துட்டே இருக்கணும்." சற்று நிறுத்திச் சொன்னார். "கை வைக்காம பாக்கணும். அது தானா போகுதா இல்லையான்னுதான் எனக்குத் தெரியணும்."

ஆபரேஷன் அன்று அவர் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்றார். உட்காரவே இல்லை. நான் கொண்டுபோன தயிர்சாதத்தைத் திறக்கவில்லை. உள்ளே அது கண் விழித்துவிட்டது என்று சொல்ல ஆள் வந்தபோது, மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்காவுக்காக அவர் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது யாருக்காக அழுகிறார் என்று நான் கேட்கவில்லை.

கயிறு கட்டி வாசல்வரை மட்டும் நடக்கவைத்த வாரங்கள் போய், எலும்பு கூடிவிட்டதென்று எக்ஸ்ரேயில் தெரிந்து, இடதுகால் நன்றாக ஊன்ற ஆரம்பித்த பிறகு ஒரு சாயங்காலம். ஸ்கூட்டர் சத்தத்துக்கு ஓடிய நாய் பாதியில் வலதுகாலைத் தூக்கிக்கொண்டது. பழக்கம் போகுமா? நேராக அவர் முன் வந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய கை தானாகக் கீழே போனதைப் பார்த்தேன். பாதியில் நிறுத்தி, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எங்கள் மகளுக்கு வாயைத் திறந்தால் தெலுங்குதான் வரும். "அம்மா, ஊருகோ," என்று என்னை அடக்கினாள்.

நாய் காத்திருந்தது. அவர் நெற்றி வேர்த்துவிட்டது. "போடா கண்ணா, நீயே போ," என்றார், கேட்கக்கூட முடியாத குரலில். அது இன்னும் கொஞ்சம் அவரையே பார்த்தது. பிறகு காலைப் பின்னால் நீட்டி, ஒரு உதறு உதறி, தரையில் ஊன்றி, தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்துப் போய்விட்டது.

அது தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவர் கைகளை வெளியே எடுக்கவில்லை.